இயக்குவரை x = 9

எழுபத்தெட்டில், கல்லூரிகளில் ஒரு வருஷப் படிப்பாக இருந்த பி.யூ.சி.யை எடுத்துவிட்டு, பள்ளிக்கூடத்திலேயே ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ என்று இரண்டு வருஷம் சேர்த்தார்கள். காரிமங்கலத்தில் நான் வேலை பார்த்த பள்ளிக்கும் அது வந்தது. கணக்குக்குத் தனியாக ஆள் போடவில்லை. ஒன்பது, பத்து வகுப்புகளுக்கு எடுத்துக்கொண்டிருந்த என்னிடம் எம்.எஸ்ஸி. பட்டம் இருப்பது தலைமையாசிரியருக்கு நினைவுக்கு வந்தது. "நீங்களே பாத்துக்கங்கம்மா" என்று ஒரே வார்த்தையில் என்னை மேலே ஏற்றிவிட்டார். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. சேலத்திலிருந்து வந்து, கடைவீதிக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன்.

ப்ளஸ் டூவில் கணக்குப் பிரிவில் பத்தொன்பது பேர். மாநிலத்துக்கே அதுதான் முதல் செட்டு. பழைய வினாத்தாள் என்று ஒன்று கிடையாது. பொதுத்தேர்வில் எப்படிக் கேட்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. புத்தகத்தில் இருந்ததை மனப்பாடமாக ஏற்றிவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்பதுதான் என் திட்டம். பரவளையம், நீள்வட்டம், அதிபரவளையம் பாடம் வந்தபோது கரும்பலகையில் ஒரு பெரிய அட்டவணை போட்டேன். மேலே மூன்று வளைவரைகளின் பெயர். பக்கவாட்டில் குவியம், இயக்குவரை, மையத்தொலைத்தகவு, செவ்வகலம். கட்டத்துக்குள் சூத்திரம். நீள்வட்டத்துக்குக் குவியம் (ae, 0), இயக்குவரை x = a/e. இதை நோட்டில் எழுதி, தினமும் காலையில் ஒருமுறை சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டேன். பிள்ளைகள் வாய்ப்பாடு மாதிரி சொன்னார்கள். எனக்குத் திருப்தியாக இருந்தது.

முதல் பெஞ்சில் ஒரு பெண். சந்தைக்குப் போகும் வழியில் தகரப் பட்டறை வைத்து, புனலும் வாளியும் டிரங்குப் பெட்டியும் செய்த ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. வகுப்பில் அதிகம் பேச மாட்டாள். பேசினால் பாதியில் விட மாட்டாள். அட்டவணை போட்ட அன்று எழுந்து நின்றாள்.

"டீச்சர், இந்தக் கட்டத்துல ஒண்ணு மறந்துபோச்சுன்னா என்னங்க பண்றது?"

"மறக்காம இருக்கத்தான் தினமும் சொல்லச் சொல்றேன்."

"இல்லீங்க டீச்சர். முதல் நாள் ஒண்ணு சொன்னீங்களே. வளைவு மேல எந்தப் புள்ளிய எடுத்தாலும், குவியத்துக்கு உள்ள தூரத்த இயக்குவரைக்கு உள்ள தூரத்தால வகுத்தா ஒரே எண் வரும்னு. அது ஒண்ணு போதாதுங்களா? அதுலயே எல்லாம் வந்துடுதுங்களே."

அவள் சொன்னது சரிதான். ஒரு நிலையான புள்ளி, அது குவியம். ஒரு நிலையான நேர்கோடு, அது இயக்குவரை. வளைவரையில் இருக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் இந்த இரண்டு தூரங்களின் விகிதம் மாறாது. அந்த விகிதம்தான் மையத்தொலைத்தகவு, e. அது ஒன்றாக இருந்தால் பரவளையம். ஒன்றுக்குக் குறைந்தால் நீள்வட்டம். மிஞ்சினால் அதிபரவளையம். பாடம் ஆரம்பித்த அன்று இதை ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிட்டு நான் சூத்திரங்களுக்குத் தாவியிருந்தேன்.

"வரும். ஆனா ஒவ்வொரு தடவையும் வர்க்கப்படுத்திச் சுருக்கிக்கிட்டிருந்தா பரீட்சையில நேரம் பத்தாது. அட்டவணைய படி" என்றேன்.

உட்கார்ந்தாள். ஆனால் அவள் மாறவில்லை என்பது வீட்டுப்பாட நோட்டுகளில் தெரிந்தது. மற்றவர்கள் மூன்று வரியில் முடித்த கணக்கை அவள் பத்து வரியில் செய்திருப்பாள். விடை சரியாகவே இருக்கும். ஓரத்தில் "நீளம்" என்று எழுதி நான் கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

அந்த வருஷ அரையாண்டுத் தேர்வுக்கு நாலு பள்ளிகள் சேர்ந்து ஒரே வினாத்தாள் வைத்துக்கொள்வது என்று முடிவானது. எங்கள் பள்ளி, தருமபுரியில் ஒன்று, கிருஷ்ணகிரியில் ஒன்று, மொரப்பூரில் ஒன்று. ஒவ்வொரு பாடத்தையும் ஒரு பள்ளி எடுத்துக்கொண்டது. கணக்கு என் தலையில் விழுந்தது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இந்தத் தேர்வில் கணக்கில் தேறாதவர்களின் பெயரைப் பொதுத்தேர்வுக்கு அனுப்புவதில்லை என்றும் நாலு தலைமையாசிரியர்களும் பேசி வைத்திருந்தார்கள். முதல் செட்டிலேயே பள்ளியின் பெயர் கெட்டுவிடக் கூடாது என்ற பயம் அவர்களுக்கு.

படம் கொடுத்து சமன்பாடு கேட்கும் கேள்விகளைப் பத்து மதிப்பெண் பகுதியில் வைத்தேன். நீள்வட்டக் கேள்விக்கு முதலில் நான் எடுத்த எண்கள் குவியம் (4, 0), இயக்குவரை x = 9, e = 2/3. ae நாலு, a/e ஒன்பது. பெருக்கினால் a² முப்பத்தாறு. கச்சிதமாகப் பொருந்தும். பிரதி எடுக்கும் ஸ்டென்சில் தாளில் எழுதியும் விட்டேன். அப்புறம் பிள்ளைகள் மூன்றில் இரண்டு என்ற பின்னத்தில் தடுமாறுவார்களே என்று தோன்றியது. e = 1/2 என்று மாற்றிவிடலாம். அப்படியானால் குவியம் (3, 0), இயக்குவரை x = 12. இதிலும் a ஆறுதான். படத்தை மாற்ற வேண்டியதில்லை. ஸ்டென்சிலில் பிழை திருத்தப் பூசும் அந்தச் சிவப்புத் திரவத்தைத் தொட்டு வைத்து, காய விட்டு, குவியத்தை மாற்றினேன். e-யை மாற்றினேன். யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும், அல்லது மணி அடித்திருக்க வேண்டும். இயக்குவரையை மாற்றவில்லை. ஒன்பது ஒன்பதாகவே நின்றது. விடைக்குறிப்பில் மட்டும் புது எண்களுக்கு உரிய விடையை எழுதி, நாலு பள்ளிக்கும் அனுப்பிவிட்டேன்.

திருத்தும்போதும் எனக்குத் தெரியவில்லை. என் பிள்ளைகள் பெரும்பாலும் ae = 3, e = 1/2, ஆகவே a = 6 என்று போய், b² = 36 × 3/4 = 27 என்று கண்டு, x²/36 + y²/27 = 1 என்று முடித்திருந்தார்கள். விடைக்குறிப்பும் அதுதான். வரிசையாகப் பத்து, பத்து என்று போட்டுக்கொண்டு போனேன். தகரப் பட்டறைப் பெண்ணின் தாளில் மட்டும் வழக்கம்போல ஒரு பக்கம் முழுக்க எழுதி, கடைசியில் 3x² + 4y² − 6x − 45 = 0 என்று இருந்தது. x வர்க்கமில்லாமல் தனியாக வந்தாலே தப்பு என்று என் கண் பழகியிருந்தது. நடுவில் எங்கோ குறி தவறியிருக்கும் என்று நினைத்து, குறுக்கே ஒரு கோடு கிழித்து சைபர் போட்டேன். மற்றதெல்லாம் நன்றாகச் செய்திருந்ததால் அவளுக்கு எண்பதுக்கு மேல் வந்தது. தேறுவதைப் பற்றி அவளுக்குக் கவலை இருந்திருக்க முடியாது.

தாளைக் கொடுத்த மறுநாள் மதியம், சாப்பாட்டு நேரத்தில், ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். கையில் விடைத்தாளும் வினாத்தாளும்.

"டீச்சர், இதுல எந்த வரி தப்புன்னு காட்டுங்க."

"விடையே தப்பு. மத்தவங்க என்ன போட்டிருக்காங்கன்னு பாத்தியா?"

"பாத்தேங்க. முப்பத்தாறு, இருபத்தேழு. நான் அதையும் போட்டுப் பாத்தேங்க டீச்சர். அது சரியா வர மாட்டேங்குது."

நான் டிபன் டப்பாவை மூடினேன். கொஞ்சம் எரிச்சலாகவே, "என்ன வர மாட்டேங்குது?" என்றேன்.

மேஜை மேல் தாளை விரித்தாள். "உங்க விடைப்படி (6, 0)ங்கிற புள்ளி வளைவு மேல இருக்குதுங்களா?"

"இருக்கு. முனை அது."

"குவியம் (3, 0). அங்கிருந்து ஆறுக்கு மூணு. இயக்குவரை ஒம்போதுல இருக்குது. அங்கிருந்தும் ஆறுக்கு மூணு. மூணுக்கு மூணு ஒண்ணு. கேள்வியில அரைன்னு குடுத்திருக்குதுங்களே டீச்சர்."

முதலில் அவள் சொன்ன ஒன்பது எனக்குப் புரியவில்லை. "இயக்குவரை பன்னெண்டு" என்றேன். அவள் வினாத்தாளைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினாள். மங்கலான நீல மசியில், புள்ளிக்கோட்டுக்குப் பக்கத்தில், என் கையெழுத்தில் x = 9.

அவள் தன் தாளைக் காட்டித் தொடர்ந்தாள். "என் விடையில (5, 0) வருதுங்க. குவியத்துக்கு ரெண்டு. இயக்குவரைக்கு நாலு. அரை. அந்தப் பக்கம் (−3, 0). குவியத்துக்கு ஆறு, இயக்குவரைக்குப் பன்னெண்டு. அதுவும் அரை."

அவள் செய்ததை முதல் வரியிலிருந்து படித்தேன். (x − 3)² + y² = ¼ (x − 9)². நாலால் பெருக்கி விரித்திருந்தாள். 4x² − 24x + 36 + 4y² = x² − 18x + 81. ஒரு பக்கமாகக் கொண்டுவந்தால் 3x² + 4y² − 6x − 45 = 0. ஒரு குறிகூடத் தவறவில்லை. பென்சிலை எடுத்து வர்க்கம் நிரப்பிப் பார்த்தேன். (x − 1)²/16 + y²/12 = 1. மையம் (1, 0). a நாலு. மையத்திலிருந்து குவியம் இரண்டு தள்ளி, அதாவது மூன்றில். இயக்குவரை எட்டு தள்ளி, அதாவது ஒன்பதில். நான் தவறுதலாக விட்ட எண்ணுக்கு இவ்வளவு ஒழுங்கான நீள்வட்டம் ஒன்று இருந்திருக்கிறது. பத்தொன்பது பேரில் அதைக் கண்டது அவள் ஒருத்திதான்.

"மையம் ஆதிப்புள்ளிதான்னு படத்தப் பாத்தா தெரியலையா உனக்கு?" என்று கேட்டேன். அந்த நேரத்திலும் எனக்கு ஒரு பிடி வேண்டியிருந்தது.

"படத்துக்குக் கீழ, படம் அளவுப்படி வரையப்படவில்லைன்னு எழுதியிருக்கீங்க டீச்சர். மையம் எதுன்னு கேள்வியில எங்கயும் சொல்லல. அதனால குடுத்த எண்ணுகளத்தான் நம்பினேன்."

அதையும் எழுதியது நான்தான்.

"பத்து மார்க்கு போட்டுக் குடுக்கறேன், தாளக் குடு" என்றேன்.

அவள் உடனே கொடுக்கவில்லை. "மார்க்கு இருக்கட்டுங்க டீச்சர். நான் போட்டதுக்கு மேல கோடு இருக்குதுங்களே, அத எடுத்துடுங்க." பிறகு தாளை நீட்டி, "மத்த பள்ளிக்கூடத்துலயும் இதே கேள்விதானுங்களா?" என்று கேட்டாள்.

கோட்டின் மேல் ரப்பரால் தேய்க்க முடியாது, சிவப்பு மசி. பக்கத்தில் "விடை சரி. திருத்தியது தவறு" என்று எழுதி, முழுக் கையெழுத்துப் போட்டேன். வாங்கிக்கொண்டு போனாள். அவளுடைய கடைசிக் கேள்வி மட்டும் அந்த அறையில் நின்றது.

பக்கத்து மேஜையில் இயற்பியல் ஆசிரியர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். "அரையாண்டுதானே டீச்சர். புள்ளைக்கு மார்க்கு குடுத்தாச்சு இல்ல, விட்டுடுங்க. நீங்களா போயி சொன்னீங்கன்னா, கேள்வித்தாள் எடுக்கத் தெரியாதவங்கன்னு நாலு ஊர்லயும் பேசுவாங்க."

அவர் சொன்னது நடக்கும் என்று எனக்கும் தெரியும். மேல்நிலைக்குப் பெண் ஆசிரியை எதற்கு என்று ஏற்கனவே ஒன்றிரண்டு பேர் பேசியதைக் கேட்டிருக்கிறேன். மதியம் முதல் பீரியடில் பத்தாம் வகுப்புக்கு ஏதோ எழுதிப் போட்டுவிட்டு, ஜன்னலோரமாக நின்று யோசித்தேன். குவியத்திலிருந்து போன பிள்ளைக்குப் பத்து வந்திருக்கும். இயக்குவரையிலிருந்து போன பிள்ளைக்கு என்ன வந்திருக்கும்? a/e = 9 என்று ஆரம்பித்தால் a நாலரை. a² 81/4. b² 243/16. அசிங்கமான எண்கள்தான், ஆனால் நான் கொடுத்த அட்டவணையின்படி அதிலும் தப்பில்லை. அவர்களுக்கெல்லாம் சைபர். அதில் எத்தனை பேருக்கு அந்தப் பத்தால் தேர்ச்சி போயிருக்கும்?

மணி அடித்ததும் தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். வினாத்தாளை வைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் வரலாறு படித்தவர். கணக்கைக் கேட்கவில்லை.

"திங்கக்கிழம நாலு பள்ளியும் லிஸ்ட முடிக்குது. இன்னிக்கு வியாழன். லெட்டர் போட்டா போய்ச் சேராதும்மா."

"நானே நேர்ல போறேன் சார். நாளைக்கு ஒரு நாள் லீவு குடுங்க."

"அவங்க ஒத்துக்கலன்னா?"

"ஒத்துக்கற வரைக்கும் உக்காந்திருப்பேன்."

"கிருஷ்ணகிரிய இன்னிக்கே முடிச்சிருங்க. ரெண்டு பக்கமும் ஒரே நாள்ல ஓட முடியாது" என்று சொல்லிவிட்டு லீவுச் சீட்டை என் பக்கம் தள்ளினார்.

அன்று சாயங்காலமே கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறினேன். அங்கே இருந்தவர் என் வயதுக்காரர், கல்லூரியில் எனக்கு ஒரு வருஷம் பின்னால் படித்தவர். வினாத்தாளைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "நானும் கவனிக்கலீங்க டீச்சர். இன்னைக்கே எல்லாத்தையும் திரும்பப் பாத்துடறேன்" என்றார். அவ்வளவு சுலபமாக முடிந்ததில் எனக்குத் தெம்பு வந்தது.

தருமபுரியில் அப்படி இல்லை. அங்கே கணக்கு எடுத்தவர் அம்பது தாண்டியவர், கண்டிப்பானவர் என்று மாவட்டம் முழுக்கப் பெயர். வெள்ளிக்கிழமை காலை, பிரார்த்தனை முடிவதற்குள் போய் நின்றேன். ஆய்வகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையில் உட்கார வைத்தார். நான் சொன்னதைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தபடி கேட்டார்.

"நீங்க அனுப்புன விடைப்படி திருத்தியாச்சு. மார்க்க ரெஜிஸ்தர்ல ஏத்தியாச்சு. கேள்வி தப்புன்னா எல்லாருக்கும்தானே தப்பு. சரியா போட்டவன் போட்டிருக்கானே."

"நாம பத்து போட்டவங்க யாரும் சரியா போடல சார். என் விடையே தப்பு."

"அதெப்படி? ae மூணு, e அரை, a ஆறு. இதுல என்ன தப்பு?"

நான் ஒரு சாக்பீஸ் கேட்டு வாங்கினேன். அறையில் பலகை இல்லை. மேஜை மேலேயே ஒரு கோடு போட்டு, மூன்றில் ஒரு புள்ளி, ஆறில் ஒரு புள்ளி, ஒன்பதில் ஒரு குறுக்குக்கோடு வைத்தேன். "ஆறுல இருந்து ரெண்டு பக்கமும் அளந்து பாருங்க சார்."

அவர் பார்த்தார். விரலை ஆறின் மேல் வைத்து இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை நகர்த்தினார். கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "நான் படத்தப் பாக்கவே இல்லீங்க. விடைய மட்டும் பாத்து டிக் போட்டுட்டுப் போயிட்டேன்" என்றார். அப்படிச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது குரலில் தெரிந்தது.

ஆனாலும் உடனே இறங்கி வரவில்லை. "சும்மா பத்து மார்க்க எல்லாருக்கும் அள்ளிக் குடுக்க மாட்டேன். ஒண்ணுமே எழுதாதவனுக்கும் குடுக்கறதா?"

"வேண்டாம் சார். குவியத்துல இருந்து போயிருக்கட்டும், இயக்குவரையில இருந்து போயிருக்கட்டும், எடுத்த வழி கடைசி வரைக்கும் சரியா இருந்தா முழு மார்க்கு. வழியில தப்பு பண்ணிருந்தா வழக்கம்போலக் குறைச்சுக்கங்க. எழுதாதவங்களுக்கு ஒண்ணும் வேண்டாம்."

அதற்கு ஒத்துக்கொண்டார். விடைத்தாள் கட்டைக் கொண்டுவரச் சொல்லி, பாதியை என்னிடம் தள்ளினார். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து அந்த ஒரு கேள்வியை மட்டும் தேடித் தேடித் திருத்தினோம். ஒரு தாளில் யாரோ ஒரு பிள்ளை கணக்கை ஆரம்பித்து, இரண்டு வழியிலும் போய்ப் பார்த்து, இரண்டும் ஒத்துவராமல், "ஐயா, கொடுத்த எண்கள் பொருந்தவில்லை" என்று எழுதி விட்டிருந்தது. பெரியவர் சைபர் போட்டிருந்தார். அதை எடுத்து என்னிடம் காட்டினார். "இவனுக்கு என்ன போடலாம்?"

"பத்து" என்றேன்.

"நானும் அதான் நெனச்சேன்" என்று சொல்லி, சைபருக்கு முன்னால் ஒரு ஒன்றைப் போட்டார்.

தருமபுரி பஸ் நிலையத்தில் ஒரு டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டு மொரப்பூர் பஸ்ஸைப் பிடித்தேன். போய்ச் சேரும்போது மூன்று மணி இருக்கும். அந்தப் பள்ளியில் எம்.எஸ்ஸி. படித்தவர் கிடையாது. பத்தாம் வகுப்புக்கு எடுத்துக்கொண்டிருந்த ஒருவர், புத்தகத்தை முந்தின நாள் வீட்டில் படித்து மறுநாள் நடத்துபவர். பக்கத்துக் கிராமத்து விவசாயக் குடும்பம். நான் வந்த விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறியது.

"எங்க வகுப்புல பாதிப் பேருக்கு மேல பெயிலுங்க" என்றார். "இந்தக் கேள்வியில ஒருத்தனுக்குக்கூட மார்க்கு இல்ல. எல்லாரும் ஒரே மாதிரி 81, 243-ன்னு போட்டிருக்கானுங்க. பாத்து எழுதிட்டானுங்கன்னு நெனச்சி, எல்லாரையும் நிக்க வச்சி வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்."

"பாத்து எழுதலீங்க சார். நீங்க இயக்குவரையில இருந்து ஆரம்பிக்கச் சொல்லிக் குடுத்திருப்பீங்க."

அவர் நினைத்துப் பார்த்தார். "ஆமாங்க. அதான் சுலபம்னு சொல்லிக் குடுத்தேன்."

எழுந்து வெளியே போனார். வராண்டாவில் அவர் குரல் கேட்டது. கடைசி பீரியட் விளையாட்டு. ப்ளஸ் டூ பிள்ளைகளை மைதானத்திலிருந்து கூப்பிட்டு வகுப்பில் உட்கார வைத்தார். என்னையும் கூப்பிட்டார். கதவோரமாக நின்றேன்.

"அந்த நீள்வட்டக் கணக்குல நீங்க போட்டது தப்பில்ல" என்றார். "கேள்வியில எண் மாறிப்போச்சு. உங்களுக்கு மார்க்கு வரும். நான் அன்னைக்குப் பேசுனது தப்பு." அவ்வளவுதான் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை, என் பெயரை இழுக்கவில்லை. அதனால் நானே சொன்னேன், "எண்ண மாத்த மறந்தது நான்தான்" என்று. பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் கோபப்பட்டதாகத் தெரியவில்லை. பின் வரிசையில் உயரமாக ஒரு பையன் எழுந்தான்.

"அப்ப சரியான விடை எதுங்க டீச்சர்? நாங்க போட்டதா, விடைக்குறிப்புல போட்டிருந்ததா?"

"ரெண்டும் இல்ல."

"பின்ன?"

அந்த ஆசிரியர் பலகையை விட்டு விலகி நின்றார். நான் போய் சாக்பீஸை எடுத்தேன். ஒரு புள்ளி வைத்து S என்று எழுதினேன். ஒரு நிமிர்ந்த கோடு போட்டேன். நடுவில் எங்கோ ஒரு புள்ளி வைத்து P என்றேன். P-யிலிருந்து S-க்கு ஒரு கோடு. P-யிலிருந்து இயக்குவரைக்குச் செங்குத்தாக ஒரு கோடு, அது தொடும் இடம் M.

"எல்லாரும் உங்க விடையில நாலரைங்கிற புள்ளிய எடுத்துக்கங்க. மூணுல இருந்து எவ்வளவு?"

"ஒன்றரை."

"ஒம்போதுல இருந்து?"

"நாலரை."

"விகிதம்?"

"மூணுல ஒண்ணு" என்று முன் வரிசையில் ஒரு குரல் வந்தது. "அரை வரலீங்க."

"வரல. அப்ப அரை வர்ற புள்ளி எது? நீங்களே தேடுங்க."

நோட்டில் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். உயரமான பையன்தான் முதலில், "அஞ்சு" என்றான். அப்புறம் எதிர்ப்பக்கம் மைனஸ் மூன்றைக் கண்டுபிடிக்க இன்னும் கொஞ்ச நேரம். அப்புறம் SP = ½ PM என்று எழுதி, இரண்டு பக்கமும் வர்க்கப்படுத்தி, விரித்து, சுருக்கி, கடைசி வரி வரைக்கும் அவர்களே சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மாதக்கணக்கில் என் வகுப்பில் நான் நேரமில்லை என்று தள்ளி வைத்த பத்து வரிகள். முழுசாக எழுதி முடிக்க ஏழெட்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

அந்த ஆசிரியர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மாணவனின் நோட்டை வாங்கி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். விடைத்தாள்களைத் திருத்தி முடித்து, அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வர, நான் பக்கத்தில் நடந்தே பஸ் நிறுத்தத்துக்கு வந்தேன். "அதிபரவளையத்துக்கும் இதே மாதிரிதானுங்களா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார். e மட்டும் ஒன்றுக்கு மேல், மற்றதெல்லாம் இதே மாதிரிதான் என்றேன்.

திங்கட்கிழமை பட்டியல்கள் போயின. மொரப்பூரில் நிறுத்தி வைத்திருந்தவர்களில் பெரும்பாலோரும், தருமபுரியில் சிலரும் பொதுத்தேர்வுக்குப் போகிறவர்களின் பட்டியலில் ஏறினார்கள். எல்லாரும் ஏறவில்லை. வேறு கேள்விகளில் எழுதாதவர்களுக்கு அந்தப் பத்து உதவவில்லை. இயற்பியல் ஆசிரியர் சொன்னதும் கொஞ்சம் நடந்தது. ஒரு கூட்டத்தில் யாரோ, "வினாத்தாள அந்த டீச்சர்கிட்ட குடுக்காதீங்க" என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். தருமபுரிப் பெரியவர், "குடுங்க, தப்பு பண்ணா வந்து சொல்றவங்க அவங்க ஒருத்தர்தான்" என்று சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். அடுத்த தேர்வுக்கும் என்னிடமே கொடுத்தார்கள். ஸ்டென்சில் வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு கணக்கையும் இரண்டு வழியில் செய்து பார்த்தேன்.

என் வகுப்பில் அந்தப் பாடத்தை மறுபடி முதலிலிருந்து எடுத்தேன். பொதுத்தேர்வுக்கு மூன்று மாதம்கூட இல்லாத சமயம். மற்ற பாடங்கள் பாக்கி இருந்தன. காலையில் முக்கால் மணி நேரம் முன்னதாக வரச் சொன்னேன். பத்தொன்பது பேரும் வந்தார்கள். ஆரம்பத்தில் ஆதிப்புள்ளியில் மையமோ முனையோ இல்லாத படங்களாகவே போட்டேன். குவியம் (4, 1), இயக்குவரை x = −2, பரவளையம் என்பேன். (x − 4)² + (y − 1)² = (x + 2)² என்று தொடங்கி, (y − 1)² = 12(x − 1) என்று முடிப்பார்கள். முதல் வாரம் முக்கினார்கள். இரண்டாம் வாரம் படத்தைப் பார்த்ததும் கை எழுத ஆரம்பித்துவிட்டது.

அதிபரவளையம் எடுத்த அன்று குவியம் (6, 0), இயக்குவரை x = 3/2, e = 2 என்று கொடுத்தேன். x²/9 − y²/27 = 1 என்று வந்தது. தகரப் பட்டறைப் பெண் எழுதி முடித்துவிட்டு நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்தாள்.

"டீச்சர், கோட்டுக்கு இந்தப் பக்கம், குவியத்தச் சுத்தி ஒரு கிளை. சரி. ஆனா (−3, 0)வும் சமன்பாட்டுல வருதுங்களே. அது அந்தக் கோட்டுக்கு அந்தாண்ட இருக்குது. குவியத்துக்கு ஒம்போது, கோட்டுக்கு நாலரை. ரெண்டுன்னு சரியாத்தான் வருது. ஒரு குவியத்த மட்டும் வச்சி வரைஞ்சா ரெண்டு கிளையும் எப்படிங்க வருது?"

நான் பலகையைத் திரும்பிப் பார்த்தேன்.

"தெரியல. வா, வந்து அந்தப் புள்ளிய இங்க வை. எல்லாரும் பாக்கலாம்" என்றேன்.

முன்னால் வந்து சாக்பீஸை வாங்கினாள். பலகையின் இடது ஓரத்தில் மைனஸ் மூன்றைக் குறித்து, அங்கிருந்து இயக்குவரைக்கு ஒரு கோடு இழுத்தாள். "எவ்வளவுங்க?" என்று வகுப்பைக் கேட்டாள். நான் காலியாக இருந்த அவள் இடத்தில் போய் உட்கார்ந்து என் நோட்டைத் திறந்தேன்.